நூறு சதவீதம் என்று எழுதாமல் விட்ட கதை

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் முக்கூடல் பக்கம், தாமிரபரணியை ஒட்டி இருக்கிறது. அதற்கு நான் மருந்தாளுநர். ஆறு துணை சுகாதார நிலையங்கள் எங்களிடம்தான் மருந்து வாங்குகின்றன. அதில் ஒன்றில் கிராம சுகாதார செவிலியராக இருப்பவரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். மாவட்ட அளவில் ஒரு விருதுக்கு அக்காவின் பெயரை அனுப்ப முடிவானபோது பாராட்டுரை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. நிலையத்தில் தமிழ்த் தட்டச்சு தெரிந்தவன் நான் ஒருவன்.

விருது கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரை அதற்காகவே காத்திருப்பீர்கள். நான் எழுத வந்தது வேறு. இரண்டு வாரத்தில் அந்த உரையை நான்கு முறை திருத்தினேன். ஒவ்வொரு முறையும் எது தப்பாக இருந்தது, அது தப்பு என்று எப்படித் தெரிந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படிவம் கேட்டது இரண்டு. ஒன்று மேடையில் வாசிக்கும் பாராட்டுரை, 60 சொற்களுக்குள். இன்னொன்று வாழ்க்கைக் குறிப்பு, 1000 எழுத்துகளுக்குள். சான்று ஆவணங்களைத் தனியாக இணைக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் என் முதல் தவறு. பாராட்டுரை என்பது எதற்காக இந்த விருது என்ற ஒரே கேள்விக்குப் பதில். அதைச் செய்தவர் யார், எங்கிருந்து, எத்தனை நாளாக என்பதைக் குறிப்பு சொல்ல வேண்டும். நான் இரண்டிலும் இரண்டையும் கொட்டி வைத்தேன்.

முதல் வரைவின் தொடக்கம் இது:

"தன்னலமற்ற சேவையாலும் அயராத உழைப்பாலும் மக்கள் மனத்தில் நீங்கா இடம்பிடித்தவர். கணவரை இழந்த நிலையிலும் கடமை தவறாதவர். தம் பகுதியில் நூறு சதவீதம் மருத்துவமனைப் பிரசவங்களை உறுதி செய்தவர். ரத்தசோகையை அறவே ஒழித்தவர்."

எழுதி முடித்தபோது நன்றாகத்தான் இருந்தது. டாக்டரம்மா வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துத் துணை நிலையச் செவிலியரின் பெயரைப் பென்சிலால் மேலே எழுதி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். மறுபடி வாசித்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றத் தேவையில்லை. கணவரை இழந்தவர் என்ற வரியை எடுத்துவிட்டால் ஆறு செவிலியர்களுக்கும் அது அளவெடுத்துத் தைத்த சட்டை.

அந்த வரியை அக்காவே எடுக்கச் சொன்னார். "என்ன தம்பி எழுதியிருக்கீய, அவுக போனதுக்கும் நான் மாத்திரை கொடுக்கதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். எனக்கு முகம் கருத்துவிட்டது. ஒருவருடைய துக்கத்தை அவரைக் கேட்காமலே மேடையில் ஒலிபெருக்கியில் சொல்ல நான் ஏற்பாடு செய்திருக்கிறேன். இரக்கத்தைக் கூட்டினால் மதிப்பெண் கூடும் என்ற கணக்கு உள்ளே எங்கோ இருந்திருக்கிறது. இப்படி எழுதப்பட்ட பாராட்டுரைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது உறுத்தியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்து நூறு சதவீதம். அது பொய் இல்லை. மூன்று ஆண்டுகளில் அக்காவின் பகுதியில் வீட்டில் ஒரு பிரசவமும் நடக்கவில்லை. ஆனால் 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாடு முழுக்க மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம். ஆண்டுக்கு எழுபது எண்பது பிரசவம் நடக்கும் ஒரு துணை நிலையத்தில் யார் வேலை பார்த்தாலும், பார்க்காவிட்டாலும் கூட, அந்த எண் நூறாகவோ அதை ஒட்டியோதான் இருக்கும். தேர்வுக் குழுவில் சுகாதாரத் துறைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அந்த வரியைப் பார்த்ததும் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் அதுவே பெரிய சாதனை. அன்றைக்கு அதற்காக நடந்தவர்களின் உழைப்பில்தான் இன்று அது சாதாரணமாகியிருக்கிறது. ஆனால் இந்த விருது கேட்பது கடந்த மூன்று ஆண்டுகளை.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏறக்குறைய பாதிப் பேர். எங்கே எல்லோரும் ஜெயித்துவிட்டார்கள், எங்கே யாருமே ஜெயிக்கவில்லை என்பதை இந்த இரண்டு எண்களும் சேர்ந்து காட்டிவிட்டன. அக்கா எதையாவது வித்தியாசமாகச் செய்திருந்தால் அது இரண்டாவது இடத்தில்தான் தெரியும். "அறவே ஒழித்தவர்" என்ற என் வரி சுத்தப் பொய் என்பதும் அப்போது உறைத்தது.

சரி, என்னதான் செய்தார்? அக்காவிடம் உட்கார்ந்து கேட்டேன். "உங்க சாதனைகளைச் சொல்லுங்க அக்கா." அவர் சிரித்தார். "நான் என்னத்தச் செஞ்சுட்டேன், எல்லாரும் செய்யுததுதான்." அரை மணி நேரம் இதே பதில்தான் வந்தது. அப்புறம் கேள்வியை மாற்றினேன். ரத்தசோகை மாத்திரை விஷயத்தில் உங்களுக்குக் கோபம் வந்த ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றேன். உடனே வந்தது.

ஒரு வீட்டில் பீடி இலை வைக்கும் சாக்குக்குப் பின்னால் பிரிக்காத மாத்திரை அட்டைகள் ஒரு கட்டு இருந்திருக்கின்றன. அந்தப் பெண் ஒவ்வொரு மாதமும் தவறாமல் வந்து வாங்கிக்கொண்டு போனவர். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. "ஏட்டி, இதை எனக்காகவா வாங்குத?" என்று அக்கா சத்தம் போட்டிருக்கிறார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டிருக்கிறார். வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கருப்பாகப் போகிறது, பிள்ளை பெரிதாகிவிட்டால் ஆபரேஷன் பண்ணிவிடுவார்கள் என்று மாமியார் சொல்கிறார். அப்போது இன்னொன்றும் தெரியவந்தது. மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களும் காலையில் டீயோடு சேர்த்தே விழுங்குகிறார்கள். மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களுக்கு டீதான் பாதிச் சாப்பாடு. டீயில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையையும் கூடவே போட்டுக்கொண்டால் இன்னும் மோசம். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

அக்கா செய்தது மூன்று மாற்றம். இரும்புச்சத்து மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று மாற்றினார், புரட்டலும் தூக்கத்தில் போய்விடும். காலி அட்டையைத் தூக்கிப் போடாமல் காலண்டர் ஆணியில் மாட்டி வைக்கச் சொல்லி, அடுத்த முறை வரும்போது அதை எண்ணி வாங்கினார். வீடு பார்க்கும் நேரத்தை மாலை ஐந்துக்கு மேல் தள்ளினார், சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு அவர்கள் வீடு திரும்பும் நேரம் அது. காலி அட்டைக் கணக்கு ஒரு நாற்பது பக்க நோட்டில் இருந்தது. அது அரசு பதிவேடு இல்லை. யாரும் கேட்காததால் யாருக்கும் காட்டியதும் இல்லை.

அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அக்காவின் துணை நிலையத்துக்கு எத்தனை மாத்திரை போனது என்பது என் ஸ்டாக் பதிவேட்டில் இருக்கிறது. முதல் வரைவுக்கு அதைத்தான் சான்றாக இணைத்திருந்தேன். மாத்திரை போனதற்கு அது சான்று. வயிற்றுக்குள் போனதற்கு இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைத்தான் அக்கா அந்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

இனி எண்கள். ஆய்வகப் பதிவேட்டில் ஏழாம் மாதப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் கீழ் இருந்தவர்களை எடுத்தேன். கர்ப்பிணிக்கு 11க்குக் கீழ் போனாலே ரத்தசோகைதான். ஆனால் 10 முதல் 10.9 வரை லேசானது, ஒரு நாள் அளவுக்கும் இன்னொரு நாள் அளவுக்கும் நடுவே அங்குமிங்கும் ஆடும். 10க்குக் கீழ் என்று வைத்தால் கணக்கு கொஞ்சம் உறுதியாக நிற்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

முதல் ஆண்டில் 69 பேரைச் சோதித்ததில் 31 பேர். இரண்டாம் ஆண்டில் 66 பேரில் 24. மூன்றாம் ஆண்டில் 67 பேரில் 13. சதவீதமாகச் சொன்னால் 45, 36, 19. பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. 45இலிருந்து 19, பாதிக்கும் மேல் இறக்கம்! இரண்டாவது வரைவு அன்றிரவே தயாராகிவிட்டது.

அதை உடைத்தவர் எங்கள் ஆய்வக நுட்புநர். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "முதல் வருஷம் எந்த மெஷின்?" அந்த ஆண்டு மெஷினே கிடையாது. சாலி முறை. ஒரு துளி ரத்தத்தை அமிலத்தில் விட்டு, தண்ணீர் சேர்த்துச் சேர்த்து, பழுப்பு நிறம் பக்கத்துக் கண்ணாடியோடு ஒத்துப்போகும் வரை கண்ணால் பார்த்துச் சொல்வது. வெளிச்சம் மாறினால் அளவு மாறும், பார்ப்பவர் மாறினாலும் மாறும். இரண்டாம் ஆண்டிலிருந்துதான் டிஜிட்டல் கருவி. அப்படியானால் 45இலிருந்து 36க்கு இறங்கியதில் எவ்வளவு அக்காவின் வேலை, எவ்வளவு கருவியின் வேலை?

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருந்தது. கருவி மாறியது ஆறு துணை நிலையங்களுக்கும் ஒரே நாளில். அக்காவின் இடத்தை விட்டு மற்ற ஐந்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். முதல் ஆண்டில் 44 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 37. அங்கேயும் ஏறக்குறைய அதே அளவு இறக்கம். அப்போ அது கருவிதான். முதல் ஆண்டை ஒதுக்கிவிட்டேன். மூன்றாம் ஆண்டில் மற்ற ஐந்து இடங்களில் 325 பேரில் 110, அதாவது 34 சதவீதம். அக்காவின் இடத்தில் 19. இந்த வித்தியாசத்தைக் கருவியின் தலையில் போட முடியாது.

இதற்குள் அலுவலகக் கண்காணிப்பாளர் பழைய மாவட்டப் புள்ளிவிவரம் ஒன்றை எடுத்துவந்து இதோடு ஒப்பிடலாமே என்றார். திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அவர் கொண்டுவந்தது அதற்கு முந்தையது, ஆலங்குளமும் சங்கரன்கோவிலும் உள்ளே இருக்கும் கணக்கு. வேண்டாம் என்றேன். பக்கத்தில் இருக்கும் ஐந்து துணை நிலையங்களை விடச் சரியான ஒப்பீடு வேறு எங்கே கிடைக்கும்?

அவர் இன்னொன்றும் சொன்னார், அது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. "ரத்தசோகையை 47 சதவீதம் குறைத்தார்னு போடுங்க தம்பி, கணக்குப்படி சரிதான்." சரிதான். 36 என்பது 19 ஆனால் பழைய அளவில் 47 சதவீதம் குறைந்ததாகத்தான் வரும். ஆனால் மேடையில் கேட்பவர் என்ன நினைப்பார்? நூறு கர்ப்பிணிகளில் 47 பேரைக் காப்பாற்றியதாக நினைப்பார். உண்மையில் நூற்றுக்குப் பதினேழு பேர். இன்னும் நேராகச் சொன்னால் 24 பேர் இருந்த இடத்தில் 13 பேர், வித்தியாசம் பதினொரு பெண்கள். இவ்வளவு சின்ன எண்ணைச் சதவீதமாக்கினால் அது தன் அளவை மறைத்துக்கொள்கிறது. பதிவேட்டில் மூன்று பேரின் அளவு தப்பாக ஏறியிருந்தாலே சதவீதம் நான்கைந்து புள்ளி ஆடும். 66 பேரில் 24, 67 பேரில் 13 என்று தலையை எண்ணிச் சொல்லிவிட்டால் கேட்பவரே எடை போட்டுக்கொள்வார்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. மூன்றாம் ஆண்டில் பதிவானவர்கள் 78 பேர், சோதித்தது 67. மீதி 11 பேர் எங்கே? வளைகாப்பு முடித்துத் தாய் வீட்டுக்குப் போனவர்கள். ஏழாம் மாதத்தில் அவர்கள் பாளையங்கோட்டையிலோ தூத்துக்குடியிலோ இருப்பார்கள், பரிசோதனையும் அங்கேதான். ரத்தம் குறைந்தவர்களாகப் பார்த்து அனுப்பிவிட்டதால் மிச்சமிருப்பவர்கள் நன்றாகத் தெரிகிறார்களோ என்று ஒரு சந்தேகம் வரலாம். முந்தைய ஆண்டையும் பார்த்தேன். 77 பேர் பதிவு, 66 பேர் சோதனை, அங்கேயும் 11 பேர் இல்லை. அதனால் இரண்டு ஆண்டையும் ஒப்பிடுவதில் தடையில்லை. ஆனால் "தம் பகுதியின் அனைத்துக் கர்ப்பிணிகளும்" என்று எழுதியிருந்த இடத்தில் "பரிசோதிக்கப்பட்டவர்களில்" என்று மாற்றினேன்.

மற்ற ஐந்து நிலையங்களோடு ஒப்பிட்டதை என்ன செய்வது? அதுதான் எங்கள் வாதத்தின் முதுகெலும்பு. தேர்வுக் குழுவுக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும். ஆனால் பாராட்டுரை வாசிக்கப்படும் அரங்கில் அந்த ஐந்து செவிலியர்களும் முன் வரிசைகளில் எங்கோ உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரின் பகுதி இன்னும் பெரியது, காலியிடம் ஒன்றையும் சேர்த்துப் பார்க்கிறார். "மற்ற இடங்களில் 34 சதவீதமாக இருக்கையில்" என்று ஒலிபெருக்கியில் வந்தால் அது அக்காவுக்குப் பாராட்டு, அவர்களுக்குக் குட்டு. மறுநாள் செவ்வாய்க்கிழமைப் பரிசோதனைக்கு அக்கா அவர்களோடுதான் வேலை பார்க்க வேண்டும். ஒப்பீட்டு அட்டவணை இணைப்பில் போனது, துணை நிலையங்களின் பெயர் இல்லாமல். வாசிக்கும் உரையில் அக்காவின் எண்கள் மட்டும்.

மொழியிலும் சிலவற்றைத் திருத்தினேன். தமிழில் வினை கடைசியில் வருகிறது. செய்து, சென்று, கண்டு, மாற்றி, எண்ணி என்று எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போகலாம், இலக்கணம் தடுக்காது. ஆனால் மேடையில் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். கேட்பவர் கடைசிச் சொல் வரும்வரை இவர் செய்தாரா, செய்ய வைத்தாரா, பக்கத்தில் நின்றாரா என்று தெரியாமல் காத்திருப்பார். ஒரு வாக்கியத்துக்கு மூன்று எச்சத்துக்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன்.

அதைவிட முக்கியம் செயப்பாட்டு வினை. "காலி அட்டைகள் சேகரிக்கப்பட்டன" என்று எழுதியிருந்தேன். அரசு அறிக்கை எழுதி எழுதிப் பழகிய கை. யார் சேகரித்தது? அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். "பாதி அட்டையை அங்கன்வாடி டீச்சருங்க ரெண்டு பேருமில்லா வாங்கி வச்சுத் தந்தாவ. அவுக பேரு எங்க?" உண்மைதான். அப்படியே அனுப்பியிருந்தால் அது அக்கா மட்டும் செய்ததாகப் படிக்கப்பட்டிருக்கும். அவர்கள் பங்கைக் குறிப்பில் தனி வாக்கியமாகப் போட்டேன். நேரத்தை மாற்றியதும் நோட்டைத் தொடங்கியதும் அக்கா. மறுபடி மறுபடி ரத்தம் சோதித்ததில் ஆய்வக நுட்புநர் கூட இருந்தார். அட்டை சேகரித்தது அங்கன்வாடிப் பணியாளர்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் வினை. இப்படிப் பிரித்துக் கொடுத்ததால் அக்காவின் பங்கு குறையவில்லை, எது அவருடையது என்பது தெளிவானது.

சாக்குக்குப் பின்னால் அட்டை கிடைத்த பெண்ணின் கதையையும் ஒரு வரைவில் சேர்த்திருந்தேன், பெயர் இல்லாமல். ஊர்ப் பெயரும் அவர் வீட்டில் மூன்றாவது பிரசவம் என்பதும் இருந்தன. எங்கள் ஊரில் அது போதும், யார் என்று தெரிந்துவிடும். எடுத்துவிட்டேன். "வீடுகளில் பிரிக்காத அட்டைகளைப் பார்த்த பிறகு" என்று பன்மையில் எழுதினேன். அப்படிப்பட்ட வீடுகள் பல இருந்தன, அதனால் பன்மை பொய்யுமில்லை.

கடைசியாகப் படிவம். குறிப்பை ஒட்டினேன், பாதி வாக்கியத்தில் வெட்டுப்பட்டது. நான் எண்ணியபோது எழுநூற்றுச் சொச்சம் எழுத்துகள்தான். என்னடா இது என்று பார்த்தால், கணினிக்கு நம் எழுத்துக் கணக்கு வேறு. "செவிலியர்" என்பது நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஒன்பது, ஏனென்றால் கொம்பு, சுழி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. 1000 என்று போட்டிருந்தால் தமிழில் நூறு சொல்லுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 60 சொல் என்ற வரம்பில் மட்டும் நமக்குக் கொஞ்சம் லாபம். ஆங்கிலத்தில் மூன்று சொல் கேட்கும் "தேநீரிலிருந்து" போன்றவை இங்கே ஒன்றாகவே எண்ணப்படும்.

பாராட்டுரை இப்படி முடிந்தது. வாசிப்பவர் தடுமாறாமல் இருக்க எண்களை எழுத்தால் எழுதினேன்:

"பீடி சுற்றும் பெண்கள் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கியும் விழுங்காமல் விடுவதை வீடு வீடாகப் போய்க் கண்டறிந்தவர். மாத்திரை நேரத்தைக் காலைத் தேநீரிலிருந்து இரவுக்கு மாற்றினார். காலி அட்டைகளைத் திரும்ப வாங்கி எண்ணும் முறையைத் தம் துணை சுகாதார நிலையத்தில் தொடங்கினார். ஏழாம் மாதத்தில் பரிசோதிக்கப்பட்டவர்களில் ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழ் இருந்தவர்கள் முந்தைய ஆண்டு அறுபத்தாறு பேரில் இருபத்துநான்கு பேர். அடுத்த ஆண்டு அறுபத்தேழு பேரில் பதின்மூன்று பேர்."

இதில் ஒரு பெயரடைகூடப் புகழுக்காக இல்லை. கண்காணிப்பாளர் வாசித்துவிட்டு, இது நாளைக்கு நைட்டிங்கேல் விருதுக்குப் போக வேண்டிய பெயர், கொஞ்சம் கனமாக எழுதக்கூடாதா என்று ஆதங்கப்பட்டார். 1973இலிருந்து மத்திய அரசு கொடுக்கும் அந்த விருது அவர் மனத்தில் இருந்தது. "தன்னலமற்ற" என்பதையாவது சேர்க்கலாமே என்றார். சேர்க்கவில்லை. இரவில் மாத்திரை போடச் சொன்னதில் தன்னலம் இருந்ததா இல்லையா என்று நான் எப்படிச் சான்று காட்டுவது?

வாழ்க்கைக் குறிப்பு:

"1998இல் கிராம சுகாதார செவிலியராகப் பணியில் சேர்ந்தார். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் 11 ஆண்டுகள், பிறகு தாமிரபரணிக் கரையில் பீடித் தொழிலை நம்பியிருக்கும் ஊர்களில் 15 ஆண்டுகள். இப்போதைய பகுதியில் சுமார் 5,200 பேர். ஆண்டுக்கு 75 முதல் 80 கர்ப்பிணிகள் பதிவாகிறார்கள். மாத்திரை வாங்கியவர்களின் வீடுகளில் பிரிக்காத அட்டைகளைப் பார்த்த பிறகு, மாலை ஐந்து மணிக்கு மேல் வீடு பார்க்கத் தொடங்கினார். 2023 ஏப்ரல் முதல் காலி அட்டைக் கணக்கைத் தனி நோட்டில் எழுதிவருகிறார். ஹீமோகுளோபின் குறைந்தவர்களை ஆய்வக நுட்புநரோடு சேர்ந்து மாதம் ஒருமுறை மறுபடி சோதித்தார். அட்டைகளைச் சேகரித்துத் தந்தவர்கள் இரண்டு அங்கன்வாடிப் பணியாளர்கள்."

எங்கே பிறந்தார், எங்கே படித்தார், எந்தெந்தப் பயிற்சிக்குப் போனார் என்பதெல்லாம் இல்லை. அவை படிவத்தின் வேறு கட்டங்களில் ஏற்கெனவே இருந்தன. மீதமிருந்த சொற்ப இடத்தில் இருபத்தாறு ஆண்டையும் வரிசையாக எழுதினால் இந்த ஒரு வேலை அதற்குள் காணாமல் போயிருக்கும். 26 ஆண்டு அனுபவத்துக்கு இரண்டு வாக்கியம், கடைசி மூன்று ஆண்டுக்கு மீதி எல்லாம். அளவு கோணலாகத்தான் தெரியும், விருது கேட்ட காலம் அதுதான்.

அனுப்புவதற்கு முந்தின நாள் மாலை அக்காவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "எல்லாம் சரிதான் தம்பி. ஆனா நோட்டு ஏப்ரல்ல தொடங்கல. ஆடிக் கொடை முடிஞ்ச பெறவுதான் வாங்கினேன். ஆகஸ்ட் மாசம்."

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்பதால் நானாகவே ஏப்ரல் என்று போட்டிருக்கிறேன். மாதத்தை மாற்றினால் போதும் என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தோன்றியது, ஏப்ரலிலிருந்து ஜூலை வரை சோதித்த பெண்களுக்கு நோட்டும் இல்லை, ஆணியும் இல்லை. அவர்களையும் சேர்த்துத்தான் 13 என்று எழுதியிருக்கிறேன். ஆய்வகத்தைத் திறக்கச் சொல்லிப் பதிவேட்டை மறுபடி எடுத்தேன். அந்த நான்கு மாதங்களில் 22 பேரைச் சோதித்ததில் 7 பேர் பத்துக்குக் கீழ். ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை 45 பேரில் 6 பேர்.

பாராட்டுரையில் ஆண்டு முழுவதுக்குமான எண்ணை அப்படியே விட்டேன். ஆறு பேரை வைத்து மேடையில் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. இந்தப் பிரிப்பை இணைப்பின் கடைசி வரியாகச் சேர்த்து, குறிப்பில் ஏப்ரலை ஆகஸ்டாக மாற்றி, இரவு எட்டு மணிக்கு அனுப்பினேன்.